அப்பத்தா கண்ணை மூடிய படம்: முகத்தை எடுத்து ஒட்ட எந்த வழி?

உச்சிப்புளி பக்கம் ஆரியமான் கடற்கரையில், சவுக்குத் தோப்பை ஒட்டி, ஆடி மாதத்தில் எடுத்த குடும்பப் படம் அது. தங்கச்சிமடத்துக் குடும்பம், 14 பேர், இரண்டு வரிசை. ஆடிக்காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மணல் கண்ணில் அடிக்கிறது, முந்தானை பறக்கிறது, பிள்ளைகள் நிற்க மாட்டேன் என்கிறார்கள். ஸ்டுடியோ அண்ணன் முக்காலியில் கேமராவை வைத்து ஆறு படம் தட்டியிருக்கிறார். இரண்டாவது படத்தில் வரிசை அருமை, ஆனால் அப்பத்தா கண்ணை மூடிவிட்டார். ஆறாவது படத்தில் அப்பத்தா கண்ணைத் திறந்து லேசாகச் சிரிக்கிறார், ஆனால் இரண்டு பிள்ளைகள் வரிசையை விட்டு ஓடிவிட்டார்கள்.

அண்ணன் படங்களை அனுப்பிவிட்டுச் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, அப்பத்தா கண்ணத் திறந்து விட்டுரு. ஆனா பாக்குறவங்களுக்கு அது அப்பத்தாவாத்தான் தெரியணும்."

அந்த இரண்டாவது வாக்கியம்தான் எல்லாத் தேர்வையும் முடிவு செய்தது. இணையத்தில் கிடைக்கும் முகமாற்றுப் பைத்தான் நிரல்கள் பெரும்பாலும் ஒருவர் முகத்தை வேறொருவர் மேல் வைப்பதற்காக எழுதியவை. இங்கே இரண்டு பக்கமும் ஒரே ஆள். வேலை ஒன்றுபோலத் தெரிந்தாலும், அங்கே சரியாக இருக்கும் கருவி இங்கே காலை வாரும். எனவே மூன்று கட்டங்களையும், அதாவது முகத்தைக் கண்டுபிடிப்பது, வளைத்துப் பொருத்துவது, தடம் தெரியாமல் ஒட்டுவது ஆகியவற்றை, இந்த ஒரு படத்தை வைத்தே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

முகத்தைக் கண்டுபிடிப்பது

இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். படங்களைக் கையாளும் நிரல் நூலகமான ஓப்பன்சிவியோடு வரும் பழைய ஹார் முறை முகத்தைச் சுற்றி ஒரு கட்டம் மட்டும் போட்டுத் தரும், கண் எங்கே மூக்கு எங்கே என்று சொல்லாது. இந்தப் படத்தில் சவுக்கு நிழல் விழுந்த மணலிலும் அதற்கு இரண்டு முகம் தெரிந்தது. ஓப்பன்சிவிக்குள்ளேயே `FaceDetectorYN` என்ற பெயரில் இருக்கும் யூநெட் இதைவிட நிதானமானது. கட்டத்தோடு இரண்டு கண், மூக்கு நுனி, வாயின் இரண்டு ஓரம் என ஐந்து புள்ளியும் தரும். 6000 பிக்சல் அகலப் படத்தை அப்படியே கொடுக்காமல் கால் பங்காகச் சுருக்கிக் கொடுத்தேன். 14 முகமும் வந்தன. பிறகு அப்பத்தா முகத்தைச் சுற்றி, முழு அளவுப் படங்கள் இரண்டிலிருந்தும் 600×600 துண்டாக வெட்டிக்கொண்டேன். இனிமேல் எல்லா வேலையும் அந்தத் துண்டில்தான். வேகமும் கிடைக்கும், மற்ற 13 பேரைத் தெரியாமல் தொட்டுவிடும் பயமும் இல்லை.

ஐந்து புள்ளி போதாது, நுணுக்கமான புள்ளிகள் வேண்டும். இங்கே டிலிப்பின் 68 புள்ளி மாதிரியா, மீடியாபைப்பின் 468 புள்ளி மாதிரியா என்ற கேள்வி வரும். தரத்தை வைத்துப் பார்த்தால் நேராகப் பார்க்கும் முகத்துக்கு இரண்டுமே போதும். நான் மீடியாபைப் எடுத்ததற்குக் காரணம் வேறு. டிலிப்பின் அந்த 68 புள்ளி மாதிரி பழகிய படத்தொகுப்பின் உரிமம் வணிகப் பயன்பாட்டை அனுமதிப்பதில்லை. இது காசு வாங்கிச் செய்யும் ஸ்டுடியோ வேலை. வீட்டில் கற்றுக்கொள்ள டிலிப் தாராளமாகப் போதும்.

வளைத்துப் பொருத்துவது: கண் திரும்ப மூடிக்கொண்ட கதை

இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். நானும் விழுந்தேன்.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, முகம் முழுவதையும் ஒரே துண்டாகப் பாவித்து, சுழற்றி, பெரிதாக்கி அல்லது சிறிதாக்கி, நகர்த்தி வைப்பது. நான்கே எண்கள்தான் மாறும்: சுழற்சி ஒன்று, அளவு ஒன்று, நகர்வு இரண்டு. முகத்தின் வடிவம் மாறாது. மற்றது டெலானே முக்கோண முறை. முகப்புள்ளிகளை இணைத்து முகத்தை முக்கோணங்களாகப் பிரித்து, நாம் எடுக்கும் மூல முகத்தின் ஒவ்வொரு முக்கோணத்தையும், அது போய் உட்காரும் இலக்கு முகத்தின் அதே முக்கோணத்தில் அப்பச்செய்வது. 68 புள்ளிக்கு நூற்றுச் சொச்சம் முக்கோணம் வரும். அவ்வளவு முக்கோணமும் பொருந்திவிட்டால் மூல முகம் இலக்கு முகத்தின் வடிவத்துக்கே வந்துவிடும்.

கேட்கும்போது இரண்டாவதுதான் உயர்ந்ததாகத் தோன்றும். பெரும்பாலான நிரல்களும் அதைத்தான் சொல்கின்றன. நானும் முதலில் அதையே ஓட்டினேன். வெளியே வந்த படத்தில் அப்பத்தா கண்ணை மூடியே இருந்தார்! நிரலில் பிழை என்று அரைமணி நேரம் தேடினேன். பிழையே இல்லை. நான் சொன்னதைத்தான் அது அச்சுப்பிசகாமல் செய்திருந்தது.

ஆறாவது படத்தில் மேல் இமைக்கும் கீழ் இமைக்கும் நடுவே இடைவெளி 10 பிக்சல். இரண்டாவது படத்தில் கண் மூடியிருப்பதால் 2 பிக்சல். இமைப் புள்ளிகளும் முக்கோணங்களின் முனைகளாக இருக்கும்போது, 10 பிக்சல் உயரமுள்ள திறந்த கண் 2 பிக்சலுக்குள் நசுங்கித்தானே ஆகவேண்டும்? கருவிழி ஒரு கறுப்புக் கோடாகிவிட்டது. வாயும் அதே கதை. ஆறாவது படத்தின் சிரிப்பு இரண்டாவது படத்தின் மூடிய உதட்டு வடிவத்துக்கு இழுபட்டு, பல் இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைக் கீறல். மூல முகத்தின் தோலையும் நிறத்தையும் எடுத்துக்கொண்டு, இலக்கு முகத்தின் பாவனையில் ஊற்றுவதுதான் டெலானேயின் இயல்பு. நமக்கு வேண்டியதோ மூலத்தின் பாவனை.

எனவே ஒரே துண்டாக நகர்த்தும் முறைக்கு வந்தேன். அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எந்தப் புள்ளிகளை வைத்துப் பொருத்துகிறோம் என்பதுதான் அது. 468 புள்ளியையும் கொடுத்தால் இமையும் உதடும் தாடையும் கணக்கில் சேர்ந்து முழு முகத்தையும் இழுத்துவிடும். சிரித்தாலும் கண்ணை மூடினாலும் அதிகம் அசையாத இடங்கள் மட்டும் போதும்: கண்களின் நான்கு ஓரங்கள், மூக்குத் தண்டு, மூக்கின் இரண்டு மடல்.

```python
ids = [33, 133, 362, 263, 168, 6, 197, 195, 5, 98, 327]
s, d = np.float32(src_pts)[ids], np.float32(dst_pts)[ids]
M, _ = cv2.estimateAffinePartial2D(s, d, method=cv2.LMEDS)
p = cv2.transform(s[None], M)[0]
err = np.linalg.norm(p - d, axis=1).mean() / np.linalg.norm(d[0] - d[3])
```

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ஒரே துண்டாக நகர்த்துவது செல்லுமா செல்லாதா என்று முன்கூட்டியே சொல்வது அதுதான். நகர்த்தி வைத்த பிறகும் புள்ளிகள் சராசரியாக எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பதை, இரண்டு கண்களின் வெளி ஓரங்களுக்கு இடையிலான தூரத்தால் வகுக்கிறோம். அப்பத்தாவுக்கு அந்தத் தூரம் 118 பிக்சல், புள்ளிகளின் விலகல் 2.1 பிக்சல், ஆக 0.018. என் அனுபவத்தில் 0.04-க்குள் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. அதைத் தாண்டினால் தலை திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். தலை திரும்பியதை எந்தச் சுழற்சியும் நகர்வும் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் ஒரு கன்னம் குறுகி மறு கன்னம் விரிந்திருக்கும்.

அதே படத்தில் பெரியப்பாவுக்கும் கண் பாதி மூடியிருந்தது. அவர் விஷயத்தில் இந்த எண் 0.076 வந்தது. ஆறாவது படத்தில் ஓடிய பிள்ளைகளைப் பார்த்துத் தலையைத் திருப்பியிருக்கிறார். இப்படிப்பட்ட இடத்தில் டெலானேயை முழுவதும் தள்ளிவிட வேண்டியதில்லை. இமைப் புள்ளிகளையும் உதட்டின் உட்புள்ளிகளையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, கண் ஓரங்கள், மூக்கு, புருவம், முக விளிம்பு ஆகியவற்றை மட்டும் வைத்து முக்கோணம் போட்டால் முகத்தின் அகலம் இலக்கோடு பொருந்தும். கண் தன் போக்கில் திறந்தே இருக்கும், ஏனென்றால் இமையைப் பிடித்து இழுக்க அங்கே புள்ளி இல்லை. டிலிப் 68-ல் இதைச் செய்வதானால் 37, 38, 40, 41, 43, 44, 46, 47 ஆகிய எட்டு இமைப் புள்ளிகளை நீக்க வேண்டும்.

டெலானே எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஓப்பன்சிவியின் `Subdiv2D` முக்கோணங்களை ஆயத்தொலைவுகளாகத்தான் தரும், எத்தனையாவது புள்ளி என்று சொல்லாது. அதை நீங்களே புள்ளி எண்ணாக மாற்றி, அதே எண்களை இரண்டு படத்துக்கும் பயன்படுத்த வேண்டும். இரண்டு படத்திலும் தனித்தனியாக முக்கோணம் போட்டால் அவை ஒத்துப்போகாது, கன்னத்தில் தோல் கிழிந்து ஒட்டினாற்போல் ஆகிவிடும்.

பெரியப்பாவுக்குக் கடைசியில் நான் இதையும் செய்யவில்லை. ஐந்தாவது படத்தில் அவர் நேராகப் பார்த்தார், விலகல் 0.025. அதையே எடுத்துக்கொண்டேன். இன்னொரு படம் கையில் இருக்கும்போது முக்கோணத்தோடு மல்லுக்கட்டுவது வீண்.

ஒட்டுவது: மேகம் மறைத்த பத்து நொடி

அப்பத்தா முகம் பொருந்திவிட்டது. ஆனால் இரண்டாவது படத்துக்கும் ஆறாவது படத்துக்கும் நடுவில் சூரியனை மேகம் மறைத்திருக்கிறது. இரண்டாவது படத்தில் மேற்கு வெயில் அப்பத்தாவின் ஒரு கன்னத்தில் சுளீரென்று அடிக்கிறது. ஆறாவது படத்தில் முகம் முழுவதும் ஒரே சாந்தமான ஒளி, கொஞ்சம் நீலச்சாயல் வேறு. அப்படியே வெட்டி ஒட்டினால் சாம்பல் முகமூடி போட்டதுபோல் தெரியும்.

இதற்கும் இரண்டு வழி. முதலாவது, நிறத்தைச் சராசரியாகப் பொருத்திவிட்டு, எந்தப் பகுதியை ஒட்டுவது என்று குறிக்கும் மாஸ்க்கின் ஓரத்தை மங்கலாக்கிக் கலப்பது. எளிது, என்ன நடக்கிறது என்பதும் தெளிவாகத் தெரியும். இரண்டாவது ஓப்பன்சிவியின் `seamlessClone`. பெரெஸ், காங்னே, பிளேக் மூவரும் 2003-ல் வெளியிட்ட புவாசோன் முறையை வைத்து எழுதியது அது. மூல முகத்தின் பிக்சல் மதிப்புகளை அப்படியே எடுக்காமல், பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களுக்கு இடையிலான ஏற்ற இறக்கத்தை மட்டும் எடுக்கும். ஓரத்தில் இலக்குப் படத்தின் நிறத்தை வைத்துக்கொண்டு, அங்கிருந்து உள்ளே அந்த ஏற்ற இறக்கங்களைத் திரும்பக் கட்டும். ஓரத்தில் உள்ள வேறுபாடு உள்ளே மெதுவாகக் கரைந்துவிடும்.

அப்பத்தா படத்துக்கு எது? இரண்டையும் செய்து பார்த்தேன். வெயில் பட்ட கன்னத்து ஓரத்தில் இரண்டு படத்துக்கும் வெளிச்ச வேறுபாடு 60 அளவுக்கு இருந்தது (0 முதல் 255 வரையான அளவில்). நிழல் கன்னத்து ஓரத்தில் 15தான். முதல் வழியில் முகம் முழுவதுக்கும் ஒரே திருத்தம். அதை வெயில் பக்கத்துக்குச் சரிசெய்தால் நிழல் கன்னம் வெளுத்துப்போகும், நிழல் பக்கத்துக்குச் சரிசெய்தால் வெயில் கன்னம் இருண்டுபோகும். `seamlessClone` ஒவ்வொரு ஓரத்திலும் அந்தந்த வேறுபாட்டை எடுத்துக்கொண்டு நடுவில் சரிவாகக் கொண்டுபோகிறது. ஒரு பக்கத்திலிருந்து வரும் வெயிலுக்கு அதுதான் தேவை. இந்த ஒரு காரணத்துக்காகவே இங்கே அதைத் தேர்ந்தெடுத்தேன்.

வெயிலும் மேகமும் மாறாத படமாக இருந்தால் நான் முதல் வழிக்குத்தான் போவேன். பெரியப்பாவின் ஐந்தாவது படம் அப்படித்தான், மேகம் வருமுன் எடுத்தது. மாஸ்க் ஓரத்தை மங்கலாக்கிக் கலந்ததே போதுமாக இருந்தது. அங்கே `seamlessClone` ஓட்டியும் பார்த்தேன், மேம்படவில்லை. புதிதாக ஒரு கறை வந்ததுதான் மிச்சம்: அவர் நெற்றியில் சவுக்குக் கிளையின் நிழல் ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது, அது நெற்றிக்குள் மங்கலாக இறங்கிவிட்டது.

அந்தக் கறைதான் இந்த முறையின் பெரிய பலவீனம். ஓரத்தில் இருப்பதெல்லாம் தோல்நிறம் என்று அது நம்புகிறது. ஓரம் தலைமுடியைத் தொட்டால் கறுப்பும், மீசை தாடியைத் தொட்டால் சாம்பலும், புடவையைத் தொட்டால் புடவை நிறமும் முகத்துக்குள் கசியும். அப்பத்தாவுக்கு இது நன்றாகவே நடந்தது. இரண்டாவது படத்தில் காற்றடித்து, அவருடைய சிவப்பு முந்தானை தாடையை மூடிக் கன்னம் வரை ஏறியிருந்தது. முகத்தின் வெளிவிளிம்புப் புள்ளிகளை இணைத்து நான் போட்ட மாஸ்க் அந்த முந்தானையின் மேலேயே போனது. வெளியே வந்த படத்தில் அப்பத்தாவின் தாடையிலிருந்து உதடு வரை ரோஸ் பவுடர் பூசினதுபோல் ஒரு சிவப்பு!

இதைத் திரையில் பார்த்து உறுதிசெய்வது சிரமம், கண் பழகிவிடும். படத்தை லேப் வண்ணமுறைக்கு மாற்றி, அதில் பச்சை–சிவப்பைச் சொல்லும் `a` தளத்தின் சராசரியைத் தாடைப் பகுதியில் அளந்தேன். ஒட்டும் முன் மூல முகத்தில் 146, ஒட்டிய பின் 153. நெற்றியில் மாற்றமே இல்லை. ஆக, கசிவு கீழேயிருந்துதான் வருகிறது.

தீர்வு மாஸ்க்கைச் சுருக்குவது. முக விளிம்பை நம்பாமல், சுற்றிலும் 12 பிக்சல் உள்ளே இழுத்தேன். கீழே உதட்டுக்குச் சற்றுக் கீழேயே நிறுத்திக்கொண்டேன். மாஸ்க்கின் ஓரம் முழுவதும், இரண்டு படத்திலும், வெறும் தோலின் மேல் போகிறதா என்று ஒருமுறை கோடு வரைந்து பார்த்துவிடுங்கள். இதற்கு மாற்றே இல்லை.

```python
k = cv2.getStructuringElement(cv2.MORPH_ELLIPSE, (25, 25))
mask = cv2.erode(mask, k)
w = cv2.warpAffine(src, M, (600, 600), flags=cv2.INTER_CUBIC,
                   borderMode=cv2.BORDER_REFLECT_101)
w = cv2.convertScaleAbs(w, alpha=1.39)
x, y, bw, bh = cv2.boundingRect(mask)
out = cv2.seamlessClone(w, dst, mask, (x + bw//2, y + bh//2),
                        cv2.NORMAL_CLONE)
```

மாஸ்க்கைச் சுருக்கினால் தாடை பழைய படத்திலிருந்தும் உதடு புதிய படத்திலிருந்தும் வரும். அப்பத்தா சிரித்தது உதட்டளவில்தான், தாடை இறங்கவில்லை, அதனால் தப்பித்தது. வாயைத் திறந்து சிரித்திருந்தால் மோவாய் இரண்டாகத் தெரிந்திருக்கும். அப்போது கண்ணும் புருவமும் மட்டும் அடங்கிய சிறிய மாஸ்க்தான் சரி.

நிரலில் இரண்டு இடத்தை விளக்க வேண்டும். ஒன்று, அந்த 1.39. `seamlessClone` வெளிச்சத்தை ஏற்றி இறக்குமே தவிர, ஏற்ற இறக்கத்தின் அளவை மாற்றாது. மேகத்தின் கீழ் எடுத்த படத்தில் எல்லா ஏற்ற இறக்கமும் சிறியவை. அதை வெயில் படத்தில் கட்டினால் நிறம் பொருந்தும், ஆனால் முகம் மட்டும் சப்பென்று, மாவு பூசினதுபோல் இருக்கும். முதல் முறை ஓட்டியபோது எனக்கு என்ன குறை என்றே புரியவில்லை. "நெறமெல்லாம் சரியாத்தான் இருக்கு, ஆனா உசுரு இல்ல" என்றார் அண்ணன். மாஸ்க் ஓரத்தைச் சுற்றியுள்ள தோல்வளையத்தில் சராசரி வெளிச்சத்தை அளந்தேன்: இரண்டாவது படத்தில் 168, ஆறாவதில் 121. 168-ஐ 121-ஆல் வகுத்தால் 1.39. ஒட்டும் முன்பே மூல முகத்தை அந்த அளவுக்குப் பெருக்கிவிட்டால் சுருக்கங்களின் ஆழமும் கூடவே ஏறிவிடும். தொண்ணூறை நெருங்கும் ஒரு பெண்மணியின் முகத்தில் சுருக்கம் மங்கினால் அது அவர் முகமே இல்லை. பெருக்கிய பின் நெற்றியில் வெள்ளை 255-ஐ முட்டிவிடவில்லையா என்று பார்த்துக்கொள்ளுங்கள், முட்டினால் அங்கே விவரம் போய்விடும்.

இன்னொன்று, மையப்புள்ளி. `seamlessClone` கேட்கும் மையம் முகத்தின் மையம் அல்ல, மாஸ்க்கைச் சுற்றிய செவ்வகத்தின் மையம். அந்தச் செவ்வகத்தைத்தான் நீங்கள் கொடுக்கும் புள்ளியில் நிறுத்தும். ஒருமுறை மூக்கு நுனியைக் கொடுத்துவிட்டு, கண் ஏன் 7 பிக்சல் கீழே இறங்கிவிட்டது என்று திருத்தாத இடமெல்லாம் திருத்திக்கொண்டிருந்தேன். பொருத்தும் கணக்கு சரியாக இருந்தும் முகம் மொத்தமாக நகர்ந்திருந்தால் முதலில் இந்த வரியைப் பாருங்கள்.

கடைசியில் இருக்கும் `NORMAL_CLONE`-க்குப் பதில் `MIXED_CLONE` போட்டால் என்ன என்று கேட்பார்கள். அது இரண்டு படத்தின் ஏற்ற இறக்கங்களில் எது பெரிதோ அதை எடுத்துக்கொள்ளும். பலகை மேல் எழுத்து ஒட்டுவதற்கு நல்லது. முகத்துக்குப் போட்டால், மூடிய இமையின் கோடு திறந்த கருவிழியின் மேல் பேய்போல் தெரியும். `MONOCHROME_TRANSFER` மூலத்தின் நிறத்தையே விட்டுவிடும், வெற்றிலைக் காவி ஏறிய அப்பத்தாவின் உதடு வெளிறிப்போகும். இரண்டும் நமக்கு வேண்டாம்.

ஒட்டிய பிறகும் மாறாதது

வெயில் போட்ட நிழலை எந்த முறையும் உண்டாக்காது. இரண்டாவது படத்தில் மற்ற 13 பேருக்கும் மூக்கின் நிழல் ஒரு பக்கக் கன்னத்தில் விழுகிறது. ஒட்டிய அப்பத்தா முகத்தில் அது இல்லை, ஏனென்றால் மூலப் படம் மேகத்தில் எடுத்தது. முகத்தின் அகலமே 190 பிக்சல்தான் என்பதால் 12×18 அங்குல அச்சில் யாரும் கவனிக்க மாட்டார்கள். தனிப் படமாகப் பெரிதாக்கினால் தெரியும். ஒரு ஆறுதல், இந்தத் திசையில் ஒட்டுவதுதான் சுலபமான திசை. மேக முகத்தை வெயில் படத்தில் வைத்தால் ஒரு நிழல் குறைகிறது, அவ்வளவுதான். வெயில் முகத்தை மேகப் படத்தில் வைத்தால் மூக்கு நிழல் கரிக்கோடுபோல் துருத்திக்கொண்டு நிற்கும், அதை மறைக்க வழியில்லை. எந்தப் படத்தை அடித்தளமாக வைப்பது என்று தேர்ந்தெடுக்க முடிந்தால் இதைப் பார்த்தே தேர்ந்தெடுங்கள்.

இதை அண்ணனிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது அவர் வேறு ஒரு வேலையையும் எடுத்துப் போட்டார். இறந்துபோன தாத்தாவின் பழைய ஸ்டுடியோப் படத்திலிருந்து முகத்தை எடுத்து, கல்யாணப் படத்தில் அவர் தம்பி நிற்கும் உடம்பில் வைக்க வேண்டும் என்று ஒரு குடும்பம் கேட்டிருக்கிறது. நம் பக்கத்தில் அடிக்கடி வரும் வேலைதான். தம்பியும் சம்மதித்துத்தான் நின்றிருக்கிறார். ஆள் வேறு என்பதால் இதற்காவது டெலானேதானே என்றார் அண்ணன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முக்கோணமாக வளைத்தால் தாத்தாவின் முகம் தம்பியின் தாடைக்கும் கன்னத்துக்கும் வடிவம் மாறிவிடும், பார்ப்பவர்கள் "யாரோ மாதிரி இருக்கு" என்பார்கள். ஆளை அடையாளம் காட்டுவது அந்த வடிவம்தான். அங்கேயும் ஒரே துண்டாக நகர்த்தி, தேவைப்பட்டால் காது தாடை உட்பட முழுத் தலையையும் எடுத்து வைப்பதுதான் நல்லது. உடம்பில் இருப்பவரின் முக அமைப்பும் பாவனையும் அப்படியே நிற்க வேண்டும், தோல் மட்டும் மாறினால் போதும் என்கிற இடத்தில்தான் முழு டெலானே தன் இடத்தில் இருக்கிறது. ஸ்டுடியோ வேலையில் அப்படி ஒரு தேவை எனக்கு இதுவரை வரவில்லை.

ஆரியமான் படத்தில் ஒருவரை மட்டும் தொடாமல் விட்டேன். சித்தப்பாவும் கண்ணை மூடியிருந்தார், ஆனால் மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். மூலப் படத்தில் கண்ணாடி மூக்கில் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறது, ஒரு வில்லையில் கடலின் பளபளப்பு வேறு. கண்ணை மட்டும் எடுத்தால் மாஸ்க் ஓரம் கண்ணாடிச் சட்டத்தின் மேலேயே போகிறது. சட்டத்தையும் சேர்த்து எடுத்தால் காதுப் பக்கம் கம்பி இரண்டாகிறது. மூன்று மாஸ்க் போட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணே, சித்தப்பா அப்படியே இருக்கட்டும், வெயில்ல கண்ணக் கூசிட்டாருன்னு நெனச்சுக்குவாங்க" என்று அனுப்பிவிட்டேன். அச்சாகி வந்த பிறகு அப்பத்தா முதலில் கைகாட்டியது அவரைத்தானாம்: "இவன் மட்டும் ஏன் தூங்குறான்?"